இல்லாத கோயிலில் விழும் நிழல்

பூசலார் கதையில் இரண்டு கோயில்கள் வருகின்றன. ஒன்று, காஞ்சியில் பல்லவ அரசன் காடவர்கோன் கல்லால் எடுத்தது. இன்னொன்று, திருநின்றவூரில் ஓர் ஏழை தன் மனசுக்குள்ளேயே கட்டியது. கோயில் கட்ட ஆசைப்பட்டு ஊர் ஊராகப் பொருள் தேடி அலைகிறார் பூசலார். ஒன்றும் சேரவில்லை. சரி, வெளியே முடியாவிட்டால் உள்ளே கட்டுவோம் என்று உட்கார்ந்துவிடுகிறார். மனசிலேயே கல் சேர்க்கிறார், தச்சர்களைக் கூப்பிடுகிறார், அடித்தளத்திலிருந்து சிகரம் வரை ஒவ்வொன்றாக எழுப்புகிறார். குடமுழுக்குக்கு நாளும் குறிக்கிறார். அதே நாளைத்தான் அரசனும் குறித்திருக்கிறான். முந்தைய இரவு சிவன் அரசன் கனவில் வந்து, நாளைக்கு நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்கிறார். அரசன் திருநின்றவூருக்கு வந்து தேடுகிறான். ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்த கதை இது. ஆனால் திருநின்றவூரில் யாரும் அதைப் புத்தகத்திலிருந்து சொல்வதில்லை. இருதயாலீஸ்வரர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் கேட்டால், நேற்று நடந்தது மாதிரிச் சொல்வார். காஞ்சி கைலாசநாதர் கோயில்தான் கதையில் வரும் அரசன் கோயில் என்பது மரபு. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த அந்தக் கற்றளி இன்னும் நிற்கிறது. இரண்டு கோயில்களில் ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்பதால்தான் மற்றது இன்னும் விநோதமாகத் தெரிகிறது.

இந்தக் கதையை வெட்டுருவப் பாவைகளால் இரண்டு நிமிடக் குறும்படமாக எடுக்க நான்கு நண்பர்கள் சேர்ந்து உட்கார்ந்தபோது, முதல் நாளே ஒரு கேள்வி வந்து நின்றது. கறுப்பு அட்டையை வெட்டி வெளிச்சத்துக்கு முன்னால் வைத்தால் கோயில் தெரியும். அது அரசனுடைய கோயில். பூசலார் கோயிலை எதில் வெட்டுவது? இதற்குப் பதில் தேடித்தான் நிழற்பாவையின் வரலாற்றுக்குள் போனோம். அங்கே போனால் கேள்வியே மாறிவிட்டது. நிழற்பாவை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஒரே கலை இல்லை. ஒளியைத் தடுக்கிற பாவை வேறு, ஒளியை உள்ளே விடுகிற பாவை வேறு.

தோலின் இரண்டு குணங்கள்

தமிழ்நாட்டின் தோல்பாவைக்கூத்து ஒளியை உள்ளே விடுகிற வகை. தஞ்சையில் மராத்தியர் ஆண்ட காலத்தோடு இந்தக் கூத்தை இணைத்துச் சொல்வார்கள். வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள்தான் தெற்கே கன்னியாகுமரி வரை இதைத் தலைமுறைகளாக நடத்தி வந்திருக்கிறார்கள். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் காயவைத்தால் அது கிட்டத்தட்டக் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிடும். அதில் உருவம் வரைந்து, நகை வரும் இடங்களில் துளை போட்டு, சாயம் ஏற்றுவார்கள். பின்னால் விளக்கு எரியும்போது வெள்ளைத் துணியில் விழுவது கறுப்பு நிழல் இல்லை. சிவப்பும் பச்சையுமாக வண்ணம் விழும். ராமனும் சரி, பார்வையாளர்கள் காத்திருக்கும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சரி, அந்தத் துணியில் நிறத்தோடுதான் வருகிறார்கள்.

கேரளத்தில் பாலக்காடு பகுதியில் நடக்கும் தோல்பாவக்கூத்தின் பழைய பாவைகள் மான்தோல். தடிப்பானது, ஒளி ஊடுருவாது. அங்கே திரையில் விழுவது கறுப்பு உருவம். நகைகளும் ஆடையின் கோலங்களும் துளை வழியாக வரும் வெளிச்சப் புள்ளிகளாக மட்டும் தெரியும். பத்ரகாளி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் என்ற நீளமான மேடை இருக்கிறது. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள் ஏற்றுவார்கள். பாடுவது கம்பராமாயணம், அதாவது தமிழ். இதற்கு ஒரு காரணக் கதையும் உண்டு. தாரிகனோடு போரில் இருந்த பத்ரகாளியால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் பார்ப்பதற்காகத்தான் இந்தக் கூத்து. அதனால் எதிரே மனிதர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் இரவெல்லாம் நடக்கும்.

இந்த இரண்டு மரபுகளுக்கும் பொதுவான ஒரு விஷயம், பாவையைத் திரைத்துணியோடு ஒட்டிப் பிடிப்பது. ஏன் என்று பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே சொல்லிவிடலாம். விளக்கு ஒரு புள்ளியாக இருந்தால் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். எந்த விளக்கும் புள்ளி இல்லை. அதற்கு அகலம் உண்டு, அந்த அகலத்தால் நிழலின் ஓரத்தில் ஒரு மங்கல் பட்டை விழும். பட்டையின் அளவு இதுதான்: விளக்கின் அகலத்தை, பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 5 செ.மீ. அகலமுள்ள பல்பு பாவைக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைப்போம். பாவை திரைக்கு 2 செ.மீ. தூரத்தில் இருந்தால் மங்கல் 1 மி.மீ. அதையே 20 செ.மீ. தள்ளிப் பிடித்தால் மங்கல் 1 செ.மீ. ஆகிவிடும். பாவையில் போட்ட துளை 2 மி.மீ.தான் என்றால் அது அந்த மங்கலில் கரைந்து காணாமலே போகும். ராமனின் மணிமுடியும் மார்பு நகையும் துளைகளால் ஆனவை. திரையை விட்டு விலகினால் முதலில் போவது நகைதான். கேரளத்தில் 21 விளக்குகள் வேறு. தள்ளிப் பிடித்தால் ஒரு ராமனுக்கு 21 நிழல்.

இந்தக் கணக்கை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சிக்கு இதுதான் வேண்டும்.

நிழலே இல்லாத நிழற்படம்

சினிமாவுக்கு இந்தக் கலையைக் கொண்டுபோனவர்களில் மிக முக்கியமானவர் லோட்டே ரைனிகர். 1899இல் பெர்லினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கத்தரிக்கோலால் உருவம் வெட்டுவதில் கைதேர்ந்தவர். நடிகரும் இயக்குநருமான பால் வெகனர், ஹாமெலின் எலிபிடிப்பவன் கதையை 1918இல் படமாக எடுத்தபோது, அதன் எழுத்துப் பலகைகளுக்கு வெட்டுருவங்கள் செய்து கொடுத்தார். அடுத்த வருஷம் தன் முதல் குறும்படத்தை எடுத்தார். அதன் தலைப்பைத் தமிழில் ‘காதல் கொண்ட இதயத்தின் அணிகோலம்’ என்று சொல்லலாம். இரண்டு பேர், நடுவில் ஒரு கோலம். அவர்கள் மனநிலை மாற மாற அந்தக் கோலமும் உருமாறிக்கொண்டே வரும். அவ்வளவுதான் படம். கறுப்பு உருவங்களுக்கு முகம் கிடையாது. அதனால் உள்ளே நடப்பதை வெளியே வேறொரு பொருளாக வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது என்று தன் இருபதாவது வயதில் கண்டுபிடித்துவிட்டார். பூசலாரைப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிடச் சரியான முன்னோடி கிடைக்காது.

பிறகு 1923 முதல் 1926 வரை மூன்று வருஷம், போட்ஸ்டாமில் லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளரின் கார் கொட்டகைக்கு மேலிருந்த மாடத்தில், ‘இளவரசன் அஹ்மதின் சாகசங்கள்’ படத்தை எடுத்தார். ஆயிரத்தோர் இரவுகள் கதைகளிலிருந்து பிறந்த, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். இன்றைக்கும் முழுசாகக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் இதுவே மிகப் பழையது. கேமராவைக் கையாண்டவர் அவர் கணவர் கார்ல் கோச். ஓடும் நேரம் சுமார் 65 நிமிடம். நொடிக்கு 24 படம் என்று கணக்குப் போட்டால் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் பாவையைக் கையால் கொஞ்சம் நகர்த்தியாக வேண்டும்.

ரைனிகரின் மேஜை எளிமையானது. மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே விளக்கு, மேலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா. பாவை கண்ணாடியின் மேல் படுத்திருக்கும். கறுப்பு அட்டையோடு மெல்லிய ஈயத் தகடு சேர்த்துச் செய்த உறுப்புகள், அவற்றை இணைக்கும் கம்பி. ஈயம் எதற்கு? பாவைக்குக் கனம் வேண்டும். அட்டை மட்டும் இருந்தால் சுருண்டு ஓரம் தூக்கும், மூச்சுக்காற்றில் நகரும். பின்னணிகளை மெல்லிய தாள்களை அடுக்கிச் செய்தார். ஒரு தாள் என்றால் வெளிர் சாம்பல், இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடர்த்தி. தூரத்து மலை வெளிறியும் பக்கத்து மரம் கறுத்தும் தெரிவது இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிழற்படம் என்று சொல்கிறோமே தவிர, இந்த மேஜையில் நிழல் கிடையாது. கூத்தில் நாம் பார்ப்பது பாவையின் நிழலை, பாவை துணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரைனிகரின் கேமரா பாவையையே நேராகப் பார்க்கிறது. பின்னால் வெளிச்சம் இருப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. அதனால் விளக்கைப் பற்றிய விதி அப்படியே தலைகீழாகிவிடுகிறது. கூத்துக்கு விளக்கு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேஜைக்கு விளக்கு எவ்வளவு பரந்து, சமமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மேஜையும் வெளிச்சமும்

எங்கள் மேஜை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவில் வைத்த 6 மி.மீ. கண்ணாடி. அதன் அடியில் ஒட்டிய பால்வெள்ளை அக்ரிலிக் பலகை. அதற்கு 35 செ.மீ. கீழே தரையில் எல்.இ.டி. பேனல். விளக்கை இன்னும் பக்கத்தில் வைத்தால் நடுவில் பளீரென்று ஒரு வட்டம் விழும். கண் அதைப் பொருட்படுத்தாது, கேமரா விடாது. இதைச் சோதிக்க வெறும் கண்ணாடியை ஒரு படம் எடுத்து, நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மூலைகள் இருண்டிருந்தால் விளக்கை இறக்கவேண்டும், அல்லது அடியில் இன்னொரு வெள்ளைத்தாள் சேர்க்கவேண்டும்.

செல்போன் கேமராவே போதுமானது. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும். கறுப்பு உருவம் சட்டகத்துக்குள் வந்ததும் பின்னணியைப் பிரகாசமாக்கும், போனதும் மங்கலாக்கும். ஓட்டிப் பார்த்தால் படம் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கும். ஃபோகஸ், ஒளியளவு, நிறச்சமன் மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுத் துடிப்புகள் அடங்கும். 1/160 மாதிரி ஏதாவது வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்து, திரை நடுங்கும்.

அறை இருட்டாக இருக்க வேண்டும். மேலே ஒரு டியூப்லைட் எரிந்தாலும் கறுப்பு அட்டை கறுப்பாக இருக்காது, சாம்பலாகி, கம்பி முடிச்சும் பசைத் தடமும் தெரிய ஆரம்பிக்கும். மின்விசிறி ஓடக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மே மாதத் திருநின்றவூரில் விசிறி இல்லாமல் மூடிய அறையில் உட்காருவது எப்படி என்பதை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

இரண்டு கோயில், இரண்டு தாள்

முதல் நாள் கேள்விக்கு வருகிறேன். மான்தோல், ஆட்டுத்தோல் வித்தியாசமே பதிலைக் கொடுத்துவிட்டது. காஞ்சிக் கற்றளி ஒளியைத் தடுக்கும், பூசலார் கோயில் ஒளியை உள்ளே விடும். அரசன் கோயிலை 300 ஜி.எஸ்.எம். கறுப்பு அட்டையில் ஒரே துண்டாக வெட்டினோம். பூசலார் கோயிலுக்கு பட்டர் பேப்பர், அறுபது துண்டு. அடித்தளக் கல், தூண், கொடுங்கை, விமானத் தளங்கள், சிகரம், கலசம் எல்லாம் தனித்தனி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க இருளும், ஆனால் கறுப்பாகாது. ஒரு தாள் நூற்றில் எண்பது பங்கு ஒளியை விடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு தாள் 64 பங்கை விடும், மூன்று 51, நான்கு 41, ஐந்து 33. தாள் மாறினால் எண் மாறும், சரிவு இதே மாதிரிதான் இருக்கும்.

இதில் தப்பாகக்கூடிய இடம் ஒளியளவு. கண்ணாடி நன்றாக வெள்ளையாக வரட்டும் என்று கூட்டி வைத்தால், கேமரா நூறையும் எண்பதையும் ஒரே வெள்ளையாகப் பதியும். முதல் அடுக்குத் தாள் மாயமாகிவிடும். தடுக்க வழி சுலபம். ஒன்று முதல் ஆறு தாள் வரை படிக்கட்டு மாதிரி அடுக்கிய ஒரு பட்டையைக் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்து, ஆறு படியும் தனித்தனியாகத் தெரியும் வரை ஒளியைக் குறைக்கவேண்டும். வெறும் கண்ணாடி அப்போது கொஞ்சம் பழுப்பாகத் தெரியலாம், பரவாயில்லை. கோயில் காணாமல் போவதைவிட அது மேல்.

கோயில் எழும் காட்சியைப் பின்னிருந்து முன்னாக எடுத்தோம். முதலில் முழுக் கோயிலையும் சரியாக அடுக்கி வைத்துவிட வேண்டும். பிறகு கலசத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு துண்டாக எடுத்துக்கொண்டே படம் பிடிக்க வேண்டும். கடைசியில் படங்களின் வரிசையைத் திருப்பினால் கோயில் தானாக எழும். நேராக எடுத்தால் நாற்பதாவது துண்டில்தான் முதல் தூண் சாய்ந்திருப்பது தெரியும், அப்போது திருத்த வழியில்லை. திருப்பிய படத்தில் ஒவ்வொரு துண்டும் மூன்று படங்களில் நகர்ந்து வந்து உட்காரும், அடுத்த இரண்டு படங்களுக்கு எதுவும் அசையாது. 60 துண்டுக்கு 300 படம். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் 25 விநாடி. மொத்தப் படத்துக்கும் 1,440.

அசைவு எங்கே இருக்கிறது

பூசலார் உட்கார்ந்தே இருக்கிறார், அவருக்குக் கால் வெட்டவேண்டிய அவசியமில்லை. மடித்த கால்கள் ஒரே துண்டு. அதன் மேல் உடல், தலை, இரண்டு மேல்கை, இரண்டு முன்கை, ஆக ஏழு. அரசனுக்கு இன்னும் அதிகம் தேவை. அவன் நடக்க வேண்டும், கடைசியில் விழுந்து வணங்க வேண்டும். அதனால் மார்பையும் இடுப்பையும் தனித்தனியாக வெட்டி நடுவில் ஒரு மூட்டு வைத்தோம். முதுகு ஒரே துண்டாக இருந்தால் அரசன் வணங்கமாட்டான், மரம் மாதிரிச் சாய்வான்.

மூட்டில் ஒரே ஒரு ரகசியம் உண்டு. இணையும் இரண்டு துண்டுகளின் முனைகளும் ஒரே அளவு அரைவட்டமாக இருக்க வேண்டும், துளை அந்த வட்டத்தின் நட்டநடுவில் விழ வேண்டும். அப்படி இருந்தால் கையை எவ்வளவு மடக்கினாலும் முழங்கையின் வெளிக்கோடு உடையாது. துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மடக்கும்போது ஓரத்தில் ஒரு பல் துருத்தும். இணைக்க, பழைய மின்கம்பியிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை. துளையில் நுழைத்து இரு பக்கமும் சுருட்டித் தட்டிவிட வேண்டும். இறுக்கம் சரியா என்று பார்க்க, பாவையைத் தோளில் பிடித்துத் தூக்குங்கள். கை தொளதொளவென்று விழுந்தால் தளர்வு. வைத்த இடத்திலேயே நின்று, விரலால் தள்ளினால் மட்டும் நகர்ந்தால் சரி. ஈயம் நச்சு, வீட்டில் வேண்டாம். அட்டைக்கு மேல் சிறிய இரும்பு வாஷர்களை ஒட்டினால் அதே கனம் கிடைக்கும். வெளிக்கோட்டுக்குள் அடங்கியிருக்கும் வரை எது ஒட்டினாலும் கறுப்புக்குள் மறைந்துவிடும்.

சரி, முகமில்லாத பூசலார் திகைப்பதை எப்படிக் காட்டுவது? அரசன் வந்து, நீர் கட்டிய கோயில் எங்கே என்று கேட்கிறான். மனசுக்குள் மட்டும் இருந்தது இன்னொருவருக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் படத்தில் இதற்கு விடை 14 படங்களின் அசையாமை. ஒரு விநாடியைவிடக் கொஞ்சம் அதிகம், எதுவுமே நகராது. அதன்பிறகு மடியிலிருந்த கை 60 பாகை உயர்ந்து நெஞ்சுக்கு வருகிறது. பன்னிரண்டு படங்களில் இந்த 60 பாகையைச் சமமாகப் பிரித்தால் படத்துக்கு 5 பாகை வரும். அப்படி எடுத்தால் கை ரயில்வே கேட் மாதிரி ஏறும். மனிதக் கை அப்படி நகர்வதில்லை, தயங்கித் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, மெதுவாக வந்து அமரும். நாங்கள் வைத்த வரிசை 1, 2, 4, 6, 8, 9, 9, 8, 6, 4, 2, 1. கூட்டினால் அதே 60தான். ஆனால் பார்ப்பவர்களுக்கு அங்கே ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

அரசனின் நடைக்கு வேறு கணக்கு. ஓர் அடிக்கு 8 படம், ஓர் அடியின் நீளம் 4 செ.மீ. என்றால் படத்துக்கு உடல் 5 மி.மீ. நகர வேண்டும். ஊன்றிய பாதம் அந்த எட்டுப் படமும் இம்மி நகரக்கூடாது. நகர்ந்தால் அரசன் நடக்கமாட்டான், எண்ணெய்த் தரையில் சறுக்குவான். அதனால் நகர்த்தும் வரிசை முக்கியம். ஊன்றிய பாதத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இடுப்பை 5 மி.மீ. தள்ளி, அதற்குப் பிறகே மற்ற காலைத் தூக்க வேண்டும்.

கூத்துக்கும் படத்துக்கும் உள்ள பெரிய இடைவெளி இங்கேதான் இருக்கிறது. கூத்துக் கலைஞர் ஒரே ஆளாக எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே பாவையை ஆட்டுகிறார். எதிரே சிரிப்பு வந்தால் உளுவத்தலையனை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார். அவருடைய அசைவு அந்த நேரத்துச் சபையோடு சேர்ந்து பிறக்கிறது. மேஜையில் அது கிடையாது. ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு முறை கையை எடுத்து, மூச்சை அடக்கி, படம் பிடித்து, மறுபடி நகர்த்துகிறோம். யாரும் எதிரில் இல்லை. அதனால் அட்டைப் படத்தைத் தோல்பாவைக்கூத்து என்று அழைப்பது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டது பொருளைப் பற்றிய அறிவு. கையின் அறிவு அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது, அது மேஜைக்கு வரவில்லை.

கடைசி நான்கு சென்டிமீட்டர்

கடைசிக் காட்சியில் பூசலார், கோயில், அரசன் மூவரும் ஒரே சட்டகத்தில் வருகிறார்கள். பட்டர் பேப்பர் கோயிலுக்கு முன்னால் அரசனை நடக்கவிட்டால், கறுப்பு உருவம் கோயிலை மறைத்துக்கொண்டு போகும். அது ஏதோ சுற்றுலா வந்த மாதிரி இருந்தது. ரைனிகர் படத்தில் ஆழம் காட்டக் கண்ணாடிகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார். நாங்களும் நான்கு மூலையில் 4 செ.மீ. மரக்கட்டைகளை வைத்து, அதன்மேல் இரண்டாவது கண்ணாடி ஒன்றைப் போட்டோம். மேல் கண்ணாடியில் பட்டர் பேப்பர் கோயில், தாளுக்கு மேலேயே பூசலார். கீழ்க் கண்ணாடியில் அரசன். அவனைப் பக்கவாட்டிலிருந்து ஈர்க்குச்சியால் நகர்த்த அந்த 4 செ.மீ. சந்து போதும். மேல் கண்ணாடியில் போனின் பிம்பம் விழும், அதைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி கட்டினால் சரியாகிவிடும்.

அரசன் வெளியே நடந்து வரும்வரை கறுப்பாக, கூர்மையாக, கிரீடத்தின் ஒவ்வொரு முனையும் தெரிய வருகிறான். கோயிலின் தாளுக்கு அடியில் நுழைந்ததும் அவன் ஓரங்கள் கரைய ஆரம்பிக்கின்றன. கிரீடம் போகிறது, விரல்கள் போகின்றன, ஒரு சாம்பல் புகை மட்டும் தாள் வழியாகத் தெரிகிறது. முன்னால் சொன்ன அதே கணக்குதான். விளக்கு மேஜை அளவுக்கு அகலம், பாவைக்கும் தாளுக்கும் நடுவே 4 செ.மீ. தூரம். இடைவெளியை 1 செ.மீ. ஆக்கினால் அவன் இன்னும் அரசனாகவே தெரிகிறான். 4இல் யாரோ ஒருவர் ஆகிவிடுகிறான். கூத்துக் கலைஞர்கள் நகை போய்விடக்கூடாது என்று பாவையைத் திரையோடு அழுத்திப் பிடிப்பார்கள். இங்கே நகை போக வேண்டும், அதற்காகத்தான் தள்ளி வைத்தோம். பூசலார் தாளுக்கு மேலே இருப்பதால் கடைசி வரை துல்லியமாக இருக்கிறார்.

மேஜையில் நிழலே கிடையாது என்று சொன்னேன். இந்த ஓர் இடத்தில் மட்டும் உண்டு. கேமரா இங்கே அரசனைப் பார்க்கவில்லை. அவனுடைய நிழல் தாளில் விழுகிறது, அதைத்தான் பார்க்கிறது. இரண்டு நிமிடப் படத்தில் உண்மையான நிழல் விழும் ஒரே பரப்பு, ஊரில் யாரும் பார்த்திராத அந்தக் கோயில்.